‘lol’ போட்டால் சிரிப்பா, சமாளிப்பா?

குறுஞ்செய்திச் சுருக்கங்களைத் தமிழில் சொல்வது எப்படி? கிள்ளான் பள்ளத்தாக்கின் கைப்பேசிகளிலிருந்து ஒரு பார்வை

கிள்ளான் பள்ளத்தாக்கில் otw என்ற மூன்று எழுத்துக்குப் பொருள் தெரியாதவர் இருக்க முடியாது. ‘வழியில் இருக்கிறேன்’ என்பது அதன் ஆங்கில விரிவின் பொருள். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் நண்பருக்காகக் காத்திருப்பவருக்கு அது சொல்லும் சேதியே வேறு: ஆள் இன்னும் குளிக்கவே போகவில்லை. அனுப்பியவருக்கும் அது தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் பழைய நகைச்சுவை இது.

இதைத் தமிழில் எழுத வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சி நாடகத்துக்கு வசனவரி போடுபவராக இருக்கலாம். ஞாயிறு பதிப்புக்குச் சிறுகதை எழுதுபவராக இருக்கலாம். அவர் ‘கிளம்பிட்டேன்’ என்று எழுதினால் அது பச்சைப் பொய்யாகிவிடும். ‘வந்துக்கிட்டே இருக்கேன்’ என்று எழுதினால் சரியாக வரும். ஏனென்றால் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாகப் படுக்கையில் இருந்தபடியே சொல்லிவரும் வாக்கியம் அது. எந்த இடத்திலிருந்து, எப்போது புறப்பட்டேன் என்ற விவரத்தை அது சாமர்த்தியமாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. otw செய்வதும் அதையேதான்.

சுருக்கத்தை விரித்து, விரிவை மொழிபெயர்த்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இது. lol என்பதை ‘உரக்கச் சிரிக்கிறேன்’ என்று போட்டால் எந்தத் தமிழ் வாசகரும் ஒரு கணம் திகைத்துப்போவார். அப்படி அறிவித்துவிட்டுச் சிரிப்பவர் நம் ஊரில் யாரும் இல்லை.

160-க்கும் 70-க்கும் நடுவே

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர், வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸுக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பு அதற்கும் முந்தியது. ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் 1985-இல் பல வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து, சாதாரண விஷயத்தைச் சொல்ல 160 போதும் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த 160 லத்தீன் எழுத்துக்கான கணக்கு. ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட். லத்தீன் எழுத்து ஒன்றுக்கு ஏழு பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத யூனிகோட் வேண்டும்; அங்கே குறியீடு ஒன்றுக்கு இரண்டு பைட். ஆகவே வரம்பு 70-ஆகக் குறைந்துவிடுகிறது. அந்த 70-லும் தமிழ் எழுத்து 70 அடங்காது. ‘தோ’ என்பது நமக்கு ஓரெழுத்து. கைப்பேசிக்கு அது தகரமும் துணைக்குறியுமாக இரண்டு. ‘இதோ வந்துடுறேன்’ என்பதில் நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கைப்பேசி எண்ணினால், இடைவெளியையும் சேர்த்து, பதினைந்து. brb-க்கு மூன்று.

70-ஐத் தாண்டி ஒரு குறியீடு கூடினாலும் செய்தி இரண்டாக உடையும், காசும் இரண்டாகும். மலேசியத் தமிழர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதப் பழகியதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது என்பது இன்னொரு காரணம். அந்தக் குறையைத் தீர்க்க முனைந்ததும் கோலாலம்பூர்க்காரர்தான். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன், 2005-இல் ‘செல்லினம்’ என்ற செயலியைக் கொண்டுவந்தார். கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்ப அது வழி செய்தது.

பிறகு புலனம் எனப்படும் வாட்ஸ்அப் வந்தது. எழுத்துக்குக் காசு என்ற கவலை போயிற்று. ரோமன் பழக்கம் மட்டும் போகவில்லை. நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், தேசியப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தைத் தடுமாறிப் படிப்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ் காதால் வந்த மொழி. அதை a, b, c-யில் எழுதுவதே இயல்பாக வருகிறது. அந்த ரோமன் தமிழுக்குள் brb, lol, otw மூன்றும் அனுமதி கேட்காமல் வந்து உட்கார்ந்துகொண்டன. கூடவே மலாய்ச் சுருக்கங்களும் வந்தன.

மலாய் சுருங்கியது, தமிழ் சுருங்கவில்லை

மலேசியாவில் மலாய்ச் சுருக்கம் ஒரு தனி உலகம். ‘தாக்’ என்ற இல்லைக்கு x. ‘யாங்’ என்பதற்கு yg. ‘செகெஜாப்’, அதாவது ஒரு நிமிஷம், jap. இரட்டித்து வரும் சொல்லுக்குப் பின்னால் 2 போட்டால் போதும்: sama2. இந்த 2 கைப்பேசி கண்டுபிடித்ததல்ல. ஜாவி எழுத்தில் அது பழைய வழக்கம். பழைய ரூமி எழுத்திலும் இருந்தது. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துமுறையை ஏற்றபோதுதான் அது ஒழுங்கான எழுத்திலிருந்து விலக்கப்பட்டது. கைப்பேசி அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா 2008-இல் மலாய்க் குறுஞ்செய்திச் சுருக்கங்களுக்கு ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டது.

தமிழில் அப்படி எதுவும் விளையவில்லை. தமிழுக்குச் சுருக்கவே தெரியாது என்று இதற்குப் பொருளல்ல. பழைய கணக்கேடுகளில் நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ‘மேற்படி’ என்பதற்கும் ஒரு குறி உண்டு. அவை இன்று யூனிகோடிலும் இடம்பெற்றிருக்கின்றன. மு.ப., பி.ப., கி.மு., தி.மு.க. எல்லாம் சுருக்கங்களே. இவை அனைத்தும் பெயர்கள். பெயரின் தலையெழுத்தைப் பிடித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

வினையின் தலையெழுத்தைப் பிடித்து என்ன செய்வது? ஆங்கிலத்தில் brb என்பது மூன்று தனிச் சொற்களின் முதலெழுத்து. தமிழில் அந்த வேலையைப் பெருமளவு ‘வந்துடுறேன்’ என்ற ஒரே சொல் செய்துவிடுகிறது. வருகிறவர் யார், எப்போது வருவார், வருவது உறுதியா என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கின்றன. ‘வ’ என்று சுருக்கினால் வா, வந்தேன், வரமாட்டேன், வரட்டுமா என்று எதுவாகவும் அது இருக்கலாம். மலாய்ச் சொல் இப்படி வால் மாறாது. நடுவில் உயிரெழுத்தை உருவினாலும் ஆள் அடையாளம் தெரியும். தமிழில் வாலை வெட்டினால் சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்தே காணாமல் போய்விடுவார்கள்.

சிரிப்பில்லாத சிரிப்பு

lol குறுஞ்செய்தியைவிட மூத்தது. கணினி அரட்டையில் 1980-களிலேயே அது புழங்கியது. 2011 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அதை ஏற்றுக்கொண்டது. அகராதியில் ஏறிய பிறகும் குழப்பம் தீரவில்லை. 2012 மே மாதம் லண்டனில் லெவிசன் விசாரணை ஆணையத்தின் முன் பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸ் சாட்சி சொன்னார். அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் தமக்கு அனுப்பிய செய்திகள் சிலவற்றை lol என்று முடிப்பார், ‘நிறைய அன்புடன்’ என்பதன் சுருக்கம் அது என்று நினைத்திருந்தார், சிரிப்பு என்று சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டார் என்பது அவர் சொன்ன தகவல். ஆங்கிலேயப் பிரதமருக்கே அந்தக் கதி.

lol இப்போது பெரும்பாலும் சிரிப்பைக் குறிப்பதில்லை என்பது மொழியியலாளர்கள் கண்டது. ஜான் மெக்வொர்ட்டர் 2013-இல் ஆற்றிய உரையொன்றில், அது ‘நீயும் நானும் ஒரே பக்கம்’ என்று காட்டும் ஓர் இடைச்சொல் போல மாறிவிட்டது என்றார். இணைய மொழி பற்றி 2019-இல் நூல் எழுதிய கிரெட்சன் மெக்குலோக், மிஷெல் மெக்ஸ்வீனியின் ஆய்வை எடுத்துக்காட்டி, lol எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்று காட்டுகிறார். கடிந்து பேசுவதை மென்மையாக்கும்போது வருகிறது, சீண்டும்போது வருகிறது, சொன்னதற்குப் பின்னால் சொல்லாதது ஒன்று இருக்கும்போது வருகிறது. வெறும் தகவல் பரிமாறும்போதும், மனம் திறந்து அன்பைச் சொல்லும்போதும் வருவதில்லை.

இதைப் படிக்கும் தமிழருக்கு ஒரு விஷயம் உடனே பளிச்சிடும். சொன்னதற்குப் பின்னால் சொல்லாததை வைக்கும் வேலையைத் தமிழில் சின்னஞ்சிறு ஒட்டுகள் செய்கின்றன. டா, டி, பா, மா, தானே, ஆக்கும், ‘நீ வேற’, ‘என்னமோ போ’, ‘சும்மா சொன்னேன்’. மலேசியத் தமிழில் இவற்றோடு ‘லா’வும் சேர்ந்துகொள்ளும். ‘முடியாது’ என்றால் அது கதவடைப்பு. ‘முடியாது லா’ என்றால் சற்றே இறங்கி வருவது. ‘ஐயோ, முடியாதுப்பா’ என்றால் வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் பின்னிரண்டுக்கும் ஒரே lol போதும். தமிழில் எது என்று தேர்ந்தாக வேண்டும். மொழிபெயர்ப்பவருக்குச் சிக்கல் சொல் கிடைக்காததால் வருவதில்லை, தேவைக்கு மேல் கிடைப்பதால் வருகிறது.

உண்மையிலேயே சிரிப்பு வந்தால் தமிழர்கள் lol-ஐ நாடுவதும் குறைவு. வடிவேலு இருக்கிறார். 2019 மே மாத இறுதியில் சுத்தியல் படம் ஒன்றைப் பற்றி யாரோ கேட்க, ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் காண்டிராக்டர் நேசமணி தலையில் விழுந்தது அதுதான் என்று ஒரு தமிழர் பதில் போட, நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி சொன்ன ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் ஓடியது. படம் வந்தது 2001-இல். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகும் அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். குடும்பப் புலனக் குழுவில் பறக்கும் வடிவேலு ஸ்டிக்கர், சிரிப்புக்கான lol. சமாளிப்புக்கான lol-தான் எழுத்தில் தங்கியிருக்கிறது.

போயிட்டு வர்றேன் வேறு, வந்துடுறேன் வேறு

brb-யின் பொருள் ‘சீக்கிரம் திரும்புவேன்’. அதன் நோக்கம் இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது: ‘நான் பதில் போடாமல் இருப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே, பேச்சு முடியவில்லை.’ மௌனத்துக்கு முன்கூட்டியே சொல்லும் காரணம் அது.

விடைபெறும்போது ‘போறேன்’ என்று தமிழர்கள் சொல்வதில்லை. ‘போயிட்டு வர்றேன்’ என்பார்கள். திரும்பி வருவது அதிலேயே இருப்பதால் brb-க்கு அது பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாது. அது கதவருகே நின்று சொல்வது. ஆறு மாதம் கழித்து வருபவரும் அதைத்தான் சொல்வார். அரட்டை நடுவில் அதைப் போட்டால் எதிர்முனையில் இருப்பவர் ‘சரி, நாளைக்குப் பேசலாம்’ என்று கைப்பேசியை வைத்துவிடுவார். brb-க்கு வேண்டியது ‘இரு, வந்துடுறேன்’. ‘இரு’ என்பது பேச்சைப் பிடித்து வைக்கிறது. ‘வந்துடுறேன்’ என்பதில் உள்ள ‘விடு’ வருவதை உறுதி செய்கிறது. வெறும் ‘வர்றேன்’ என்பதில் அந்த உறுதி இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. முதலாளிக்கும் மச்சானுக்கும் ஒரே brb போதும். தமிழில் ‘இரு’ என்பதா, ‘இருங்க’ என்பதா என்று முடிவு செய்யாமல் வாய் திறக்க முடியாது. அதனால் எதிர்முனையில் யார் என்று தெரியாமல் brb-ஐத் தமிழாக்கவே முடியாது.

ஓர் உரையாடல், வரி வரியாக

விளக்கத்துக்காக ஒரு கற்பனை உரையாடலை எடுத்துக்கொள்வோம். அக்கா கிள்ளான் வீட்டில். தம்பி கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும். வீட்டில் விருந்து.

அக்கா: dei enge? amma thedranga
தம்பி: otw ka. kl sentral kitte jam lol
அக்கா: komuter la jam ah
தம்பி: kaadi ka lol. jap, minyak. brb
அக்கா: k

முதலில் அகராதி வழியில் போய்ப் பார்க்கலாம். ‘வழியில் இருக்கிறேன் அக்கா. கே.எல். சென்ட்ரல் அருகே நெரிசல், உரக்கச் சிரிக்கிறேன்.’ நெரிசலைக் கண்டு சிரிக்கும் விசித்திரமான தம்பி கிடைக்கிறார்.

இரண்டு lol-க்கும் வேலை வேறு என்று பார்த்தால் கதவு திறக்கும். முதலாவது அசடு வழிவது: தாமதம் என் தப்புதான், ஆனால் திட்டாதே. இரண்டாவது சீண்டல்: ரயிலில் எங்காவது ஜேம் வருமா, நான் வருவது காரில். அப்படியானால் இப்படி வரும்:

‘டேய், எங்கடா இருக்க? அம்மா தேடுறாங்க.’
‘வந்துக்கிட்டே இருக்கேன்கா. கே.எல். சென்ட்ரல் கிட்ட ஜேம், என்ன பண்றது...’
‘கொமியுட்டர்ல ஜேமா?’
‘காடிலக்கா, நீ வேற. இரு, எண்ணெய் போட்டுட்டு வந்துடுறேன்.’

முதல் lol ‘என்ன பண்றது’ ஆயிற்று. இரண்டாவது ‘நீ வேற’ ஆயிற்று. jap ‘இரு’ ஆகி, brb-யோடு சேர்ந்துகொண்டது. கிள்ளான் வீட்டில் காரைக் ‘காடி’ என்பது அப்படியே நின்றது; பெட்ரோலைக் குறிக்கும் minyak, அங்கே வழங்கும் ‘எண்ணெய்’ ஆயிற்று. ‘மகிழுந்து’ என்று மாற்றினால் பேசுவது தம்பியாக இருக்காது, செய்தி வாசிப்பவராகிவிடும்.

கடைசி k-தான் கஷ்டம். அது ‘சரிடா’வா, ‘ம்’மா, ‘சரி சரி, வந்து சேரு’வா? அந்த ஓர் எழுத்துக்குள் விடை இல்லை. அக்கா வழக்கமாக எப்படி எழுதுவார் என்று முந்திய செய்திகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எப்போதும் k போடுபவர் என்றால் வெறும் ‘சரி’. வழக்கமாக ‘ok da’ என்று நீட்டுபவர் இன்று k-யோடு நிறுத்தினார் என்றால் முகம் சுளித்திருக்கிறார்; ‘ம்’ என்று போடலாம்.

‘vali theriyala lol’

ரோமன் எழுத்து தனியாக ஒரு பொறி வைத்திருக்கிறது. ல, ள, ழ மூன்றும் அங்கே பெரும்பாலும் l-ஆகிவிடும். ‘vali theriyala lol’ என்று வந்தால், வழி தெரியாமல் சுற்றுகிறாரா, ஊசி போட்ட வலி தெரியவில்லை என்கிறாரா? lol வேறு சேர்ந்துகொண்டு, சங்கடமா நிம்மதியா என்று இன்னொரு கேள்வி போடுகிறது. இப்படித் தவறு நேர்ந்ததை அடுத்த வரி காட்டிக்கொடுத்துவிடும். தமிழாக்கிய வரிக்கு எதிராளியின் பதில் பொருந்தாமல் தொங்கினால், முந்திய வரியில் ஏதோ பிசகியிருக்கிறது. ‘லொக்கேஷன் அனுப்பு’ என்று பதில் இருந்தால் அது வழி. ‘டாக்டர் என்ன சொன்னார்’ என்றால் வலி.

கதையிலோ வசனவரியிலோ பிசகினால் சிரித்துவிட்டுப் போகலாம். நீதிமன்றத்தில் அப்படி இல்லை. மலேசிய நீதிமன்றங்களின் மொழி மலாய். தமிழில் எழுதிய செய்தி சாட்சியமாக வந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, செய்தியின் உள்ளடக்கத்தோடு அனுப்பியவரின் நோக்கத்தையும் கணக்கில் எடுக்கிறது. ‘un kaala odaikiren lol’ என்பது மிரட்டலா, மச்சான்களின் விளையாட்டா? அங்கே மலாயில் மொழிபெயர்ப்பவர் lol-ஐ ‘நீ வேற’ போன்ற நயமான சொல்லாக மாற்றினால் நோக்கத்தை அவரே தீர்மானித்ததாகிவிடும். lol-ஐ அப்படியே விட்டு, அது எவ்வாறெல்லாம் வழங்குகிறது என்று தனியாகக் குறிப்பதே முறை. கதாசிரியர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

brb-க்கும் lol-க்கும் தமிழில் புதுச் சுருக்கம் கண்டுபிடிக்கும் முயற்சி தேவையில்லை. ‘உ.சி.’ என்று போட்டால் யாரும் சிரிக்கப்போவதில்லை. மலாய்க்கு ஒரு வழிகாட்டி நூல் வந்தது போல மலேசியத் தமிழுக்கும் ஒன்று வந்தால் பயன் உண்டு. ஆனால் அது சுருக்கங்களின் பட்டியலாக இருக்கக் கூடாது. அக்காவிடம் எப்படி, முதலாளியிடம் எப்படி, குடும்பக் குழுவில் எப்படி என்று, யார் யாரிடம் எந்த ஒட்டைப் போடுகிறார்கள் என்பதைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் புழங்கும் பேச்சிலிருந்தே திரட்டித் தர வேண்டும். பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும், வசனவரி எழுதுவோரும், எழுத்தாளர் அமைப்புகளும் சேர்ந்தால் இது செய்யக்கூடிய வேலைதான். அதற்கான தரவு நம் கைப்பேசிகளில் தினமும் குவிந்துகொண்டிருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுக்க முன்வரும் வாசகர்கள்தான் இப்போது வேண்டும்.